“சுகர் எத்தனை வருஷமா இருக்கு?” அவசரப் பிரிவில் சொல்லும் பதிலில் சிக்கும் மருத்துவக் காப்பீடு

சூளகிரி பக்கத்தில் கொத்தமல்லியும் கோசும் பயிரிடும் விவசாயி அவர். வயது 54. 2024 டிசம்பர் 9 அன்று விடியற்காலையில் வண்டியில் மல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. இடது கை மரத்துப்போனது. ஓசூரில் ஒரு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, “இங்கே வைத்திருக்க வேண்டாம், பெங்களூருக்கே கொண்டு போங்கள்” என்றார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. சேலம் போவதைவிட அத்திப்பள்ளி தாண்டிப் போவதுதான் அவர்களுக்குப் பக்கம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் மருத்துவமனை வாசலில் காத்திருந்தார். மாமியாரும் மகனும் பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கன்னடத்தில் கேட்டார்: சுகர் இருக்கிறதா, பி.பி. இருக்கிறதா, எத்தனை வருஷமாக? மருமகனுக்குத் தெரிந்ததெல்லாம் மாமா தினமும் காலையில் ஏதோ மாத்திரை போடுகிறார் என்பதுதான். “சுகர் இருக்கு சார், ரொம்ப வருஷமா மாத்திரை சாப்பிடறாரு” என்றார். மருத்துவர் தாளில் ஒரு வரி எழுதினார். “கே.சி.ஓ. டி.எம். டென் இயர்ஸ்.” ஏற்கெனவே அறியப்பட்ட சர்க்கரை நோயாளி, பத்து ஆண்டுகளாக என்று அதற்குப் பொருள். பத்து என்ற எண்ணை யாரும் சொல்லவில்லை. ‘ரொம்ப வருஷம்’ என்பதற்கு ஓர் எண் தேவைப்பட்டது, பத்து வந்து உட்கார்ந்தது.

அன்று மாலைக்குள் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாள் பில் 2,74,000 ரூபாய். கையில் 5 லட்சத்துக்குப் பாலிசி இருந்தது. ஆனால் காப்பீட்டு நிறுவனம் கேஷ்லெஸ் மறுத்துவிட்டது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டி வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த கடிதம் இன்னும் மோசமாக இருந்தது. பாலிசி எடுக்கும்போதே இருந்த சர்க்கரை நோயை மறைத்துவிட்டீர்கள், ஆகவே கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து செய்யப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது.

மருத்துவக் காப்பீடு மறுக்கப்படுவதற்குப் பல காரணங்கள் உண்டு. காத்திருப்புக் காலம் முடியாதது, அறை வாடகை வரம்பைத் தாண்டியது, பாலிசியில் சேராத சிகிச்சை, புதுப்பிக்கத் தவறியது என்று வரிசையாகச் சொல்லலாம். அவற்றை எல்லாம் பாலிசித் தாளைப் படித்தே ஒருவர் தெரிந்துகொள்ள முடியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உண்மையாகப் பணம் கட்டிய, எதையும் மறைக்காத குடும்பங்களைக்கூடக் கவிழ்த்துவிடும் காரணம் அது: ‘முன்பே இருந்த நோய்’, ‘அதை மறைத்தது’. தருமபுரி, கிருஷ்ணகிரியில் இதைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். மருத்துவமனைத் தாளில் ஏறிய ஒரு வரி.

முன்பே இருந்த நோய் என்றால் என்ன?

நம் பேச்சில் ‘முன்பே இருந்த நோய்’ என்றால் உடம்புக்குள் எப்போதிருந்தோ இருந்த நோய் என்று நினைப்போம். காப்பீட்டில் அதற்குப் பொருள் வேறு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எனப்படும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை வரையறுத்து வைத்திருக்கிறது. பாலிசி தொடங்கும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்ன நோய், அல்லது அந்த 36 மாதங்களுக்குள் மருத்துவர் ஆலோசனையோ சிகிச்சையோ சொன்ன அல்லது கொடுத்த நோய். 2024-க்கு முன் இது 48 மாதமாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘மருத்துவர்’. யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும், அல்லது யாராவது மருந்து கொடுத்திருக்க வேண்டும். உடம்பில் நோய் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது, உங்களுக்கும் தெரியாது, எந்த மருத்துவரும் சொல்லவில்லை என்றால் அது இந்த வரையறைக்குள் வராது. சர்க்கரை நோய் அப்படிப்பட்டதுதான். பலருக்கு அது வந்து சில ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

நிறுவனத்தின் மருத்துவர் சில சமயம் வேறு வழியில் வாதாடுவார். “எச்.பி.ஏ.1.சி. ஒன்பது இருக்கிறது, இது நாள்பட்ட சர்க்கரை” என்று எழுதுவார். அந்தப் பரிசோதனை காட்டுவது ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைத்தான். அதை வைத்து நோய் எந்த ஆண்டு வந்தது என்று சொல்ல முடியாது. எக்கோ பரிசோதனையில் இதயச் சுவர் தடித்திருக்கிறது, ஆகவே பல வருஷமாக பி.பி. இருந்திருக்க வேண்டும் என்பது இன்னொரு வாதம். மருத்துவ ரீதியாக அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ‘இருந்திருக்க வேண்டும்’ என்பது வேறு, ‘மருத்துவர் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார்’ என்பது வேறு. மறைத்தார் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால், அவருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

சரி, உண்மையாகவே முன்பே இருந்த நோய் என்றால்? அதைச் சொல்லிவிட்டுப் பாலிசி எடுத்தால் ஒரு காத்திருப்புக் காலம் போடுவார்கள். அது அதிகபட்சம் 36 மாதம். அந்த மூன்று ஆண்டுகள் அந்த நோய்க்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும் பணம் கிடைக்காது, மற்றவற்றுக்குக் கிடைக்கும். பிரீமியமும் கொஞ்சம் கூடலாம். மூன்று ஆண்டு முடிந்தபின் அந்த நோய்க்கும் பாதுகாப்பு வந்துவிடும். ஆக, சொல்வதால் இழப்பது மூன்று ஆண்டு. சொல்லாமல் விட்டால் பாலிசியே போகக்கூடும். இதை முகவர்கள் பொறுமையாக விளக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால், “சுகர் இருக்குன்னு போட்டா ரிஜெக்ட் ஆயிடும்ணே, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்லி எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டிவிட்டு, ஓ.டி.பி. எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஓ.டி.பி. உங்கள் கையெழுத்து. அதைச் சொன்ன நொடியில் படிவத்தில் உள்ள ஒவ்வொரு ‘இல்லை’யும் உங்கள் வாய்மொழி ஆகிவிடுகிறது. பின்னால் முகவர்தான் நிரப்பினார் என்று நிரூபிப்பது மிகக் கடினம்.

உச்ச நீதிமன்றம் இதில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. 2009-இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில், நாள்பட்ட சர்க்கரையும் சிறுநீரகச் செயலிழப்பும் இருந்ததை மறைத்து எடுத்த மருத்துவப் பாலிசிக்குப் பணம் தர வேண்டியதில்லை என்றது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில் தீர்ப்பு மறுபக்கம் போனது. அவர் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாலிசி எடுத்தபோது சர்க்கரை இருப்பதைச் சொல்லியிருந்தார், நிறுவனம் மருத்துவப் பரிசோதனையும் செய்திருந்தது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்தபோது, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று மறுத்தார்கள். உடல்நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பிறகு, அதே உடல்நிலையைக் காட்டிப் பணம் மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் படிவத்தில் உண்மையை எழுதியவர் பக்கம் சட்டம் நிற்பது தெரியும்.

சூளகிரிக் குடும்பத்திடம் என்ன இருந்தது?

கடிதம் வந்தபோது வீட்டில் எல்லோரும் மருமகனைத்தான் திட்டினார்கள். அந்தப் பையன் அழாத குறை. என்னிடம் தாள்களைக் கொண்டு வந்து காட்டியபோது முதலில் தேதிகளை ஒரு வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். இப்படிப்பட்ட எந்த வழக்கிலும் நான் முதலில் செய்வது இதுதான்.

பாலிசி தொடங்கிய நாள் 2021 ஜூன் 14. மருத்துவமனையில் சேர்ந்தது 2024 டிசம்பர் 9. இடையில் ஓடியது 42 மாதத்துக்கு ஐந்து நாள் குறைவு. அப்படியானால் சர்க்கரை எப்போது கண்டுபிடிக்கப்பட்டது? விவசாயியின் மனைவிக்கு அது நன்றாக நினைவிருந்தது. “மக்களைத் தேடி மருத்துவம்னு வந்தாங்களே, அப்பத்தான் அந்தப் பொண்ணு விரல்ல குத்திப் பார்த்துச் சொல்லிச்சு. அதுக்கு முன்னாடி இவரு ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை.”

அந்த ஒரு வாக்கியத்தில் வழக்கின் உயிர் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் தொடங்கிவைத்தது 2021 ஆகஸ்ட் 5 அன்று, இதே சூளகிரி வட்டாரத்தில் உள்ள சாமனப்பள்ளியில். அதாவது பாலிசி எடுத்து ஏழு வாரம் கழித்துத்தான் அந்தத் திட்டமே பிறந்தது. அதில் வந்த பணியாளர் முதன்முதலில் சர்க்கரையைக் கண்டுபிடித்தார் என்றால், பாலிசி எடுத்த அன்று இவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் நினைவு சாட்சியாகாது, தாள் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்களுக்கென்று பதிவேடு வைத்திருப்பார்கள். சர்க்கரை, பி.பி. நோயாளிகளின் பெயரும் அவர்கள் முதலில் பதிவான நாளும் அதில் இருக்கும். குடும்பத்தினர் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மருத்துவ அலுவலரிடம் சான்று கேட்டார்கள். நான்கு நாளில் கிடைத்தது. முதன்முதலில் சர்க்கரை கண்டறியப்பட்ட நாள் 2021 நவம்பர் 22 என்று முத்திரையோடு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் மாத்திரை வாங்கிய அட்டையும் இருந்தது. அதிலும் முதல் தேதி அதே மாதம்தான்.

நம் மாவட்டங்களில் பலரிடம் இந்த அட்டை இருக்கும். பீரோவிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ மடித்துச் செருகியிருப்பார்கள். காப்பீட்டுத் தகராறில் அதைவிட வலுவான தாள் கிடைப்பது அரிது. அரசு மருத்துவ அலுவலரின் பதிவு, தகராறு வருவதற்கு ஆண்டுக்கணக்கில் முன்பே எழுதப்பட்டது, பின்தேதி போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தவறாக ஏறிய வரியைத் திருத்துவது

அடுத்த வேலை பெங்களூர் மருத்துவமனையில். அந்த ‘டென் இயர்ஸ்’ வரி எங்கே இருக்கிறது என்று பார்க்க கேஸ் ஷீட் நகல் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது வீட்டுக்குக் கொடுக்கும் சுருக்கம். கேஸ் ஷீட் என்பது உள்ளே படுத்திருந்த நாட்களில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதிய முழுத் தாள்கள். காப்பீட்டு நிறுவனம் தோண்டுவது அங்கேதான். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள், கேட்ட விண்ணப்பத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள்.

நகல் வந்தபோது ஒன்று தெளிவானது. அவசரப் பிரிவுத் தாளில் மட்டும்தான் பத்து ஆண்டு என்று இருந்தது. இரண்டாம் நாள் நோயாளி கண் விழித்த பிறகு இதய நிபுணர் அவரிடமே கேட்டு எழுதிய குறிப்பில் “மூன்று ஆண்டாக மாத்திரை” என்று இருந்தது. ஒரே கோப்பில் இரண்டு எண். நிறுவனம் தனக்குச் சாதகமான முதல் எண்ணை எடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு செய்தவரும் முதல் தாளைப் பார்த்தே அடித்திருந்தார்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். மருத்துவமனைக்குப் போய், “அந்த வரியை அடித்துவிட்டு மூன்று என்று மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்கிறார்கள். சில இடங்களில் தெரிந்தவர்கள் மூலம் மாற்றியும் வாங்குகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. நிறுவனத்திடம் ஏற்கெனவே பழைய நகல் இருக்கும். அடித்துத் திருத்திய தாள் வந்தால் அது மோசடிக்கான ஆதாரமாக மாறி, நியாயமான கிளெய்மையும் கெடுத்துவிடும். கேட்க வேண்டியது தனியாக ஒரு விளக்கச் சான்று. சிகிச்சை அளித்த மருத்துவர் மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், இன்ன தேதியிட்டு, பதிவு எண்ணோடு எழுதித் தருவது. சூளகிரிக்காரருக்குக் கிடைத்த சான்றில் மூன்று விஷயங்கள் இருந்தன: சேர்க்கும்போது நோய் வரலாற்றைச் சொன்னவர் நோயாளி இல்லை, உடன் வந்த உறவினர், ஆண்டுக் கணக்கு தோராயமாகக் குறிக்கப்பட்டது, பின்னர் காட்டப்பட்ட பழைய பதிவுகளின்படி சர்க்கரை கண்டறியப்பட்டது 2021 நவம்பரில். பழைய வரி அப்படியே இருக்கட்டும். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லும் தாள் பக்கத்தில் இருந்தால் போதும்.

கேஷ்லெஸ் மறுத்தால் கதை முடிந்ததா?

இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை, ஏனென்றால் பலர் இங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். கேஷ்லெஸ் என்பது மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் வசதி. இருக்கிற தாள்களை வைத்து இப்போதைக்கு அனுமதிக்க முடியவில்லை என்றுதான் அந்த மறுப்புக்குப் பொருள். நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டு, எல்லா ஒரிஜினல் பில்லோடும் பிறகு கிளெய்ம் போடலாம். எத்தனை நாளுக்குள் என்பது பாலிசியில் இருக்கும். பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து 15 முதல் 30 நாள்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சமயத்தில் இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். கிளெய்மை நிராகரிப்பதென்றால் நிறுவனத்துக்குள் உள்ள மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட்டு எழுத வேண்டும். போனில் “ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்” என்று சொன்னால் ஏற்காதீர்கள். கடிதம் கேளுங்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். மேலே போவதற்கு அந்தக் கடிதம்தான் படிக்கட்டு.

மேல்முறையீடு போன வழி

முதல் படி நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். குடும்பம் 2025 மார்ச்சில் ஒரு பக்கக் கடிதம் எழுதியது. கோபம், கெஞ்சல் எதுவும் இல்லை. மேலே சொன்ன தேதிகள் மட்டும் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எந்த இணைப்பு ஆதாரம் என்று எண் போட்டு. மின்னஞ்சலில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் அனுப்பினார்கள். “முதலில் எழுதப்பட்ட கேஸ் ஷீட்டையே ஏற்க முடியும்” என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது படி காப்பீட்டு ஆம்பட்ஸ்மன். காப்பீட்டுத் தகராறுகளுக்கென்றே இருக்கும் குறைதீர்ப்பாளர் அலுவலகம் அது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கக் கூடாது, நீங்களே பேசலாம். சென்னைக்கு ஓட வேண்டியதும் இல்லை. cioins.co.in தளத்தில் புகார் பதியலாம், விசாரணையை வீடியோ அழைப்பிலும் நடத்துகிறார்கள். நிபந்தனைகள் சில உண்டு. நிறுவனத்துக்கு முதலில் எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதம் பதில் தராமல் இருந்திருக்க வேண்டும். அதன்பின் ஓர் ஆண்டுக்குள் வர வேண்டும். இதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைத் தெரியாமல் சிலர் அவசரப்பட்டு இரண்டு இடத்திலும் போட்டுவிட்டு, ஆம்பட்ஸ்மன் வழியை அடைத்துக்கொள்கிறார்கள்.

விசாரணை அன்று விவசாயியும் மகனும் மொபைலை ஒரு தக்காளிக் கூடையில் சாய்த்து வைத்து உட்கார்ந்தார்கள். மொத்தம் இருபது நிமிடம் இருக்கும். நிறுவனத்தின் பிரதிநிதி பத்து ஆண்டு என்ற வரியைப் படித்தார். “2021 ஜூனுக்கு முன் இவர் எந்த மருத்துவரிடமாவது சர்க்கரைக்கு மருந்து வாங்கியதற்கு ஒரு சீட்டாவது காட்ட முடியுமா?” என்று அவரிடம் கேட்கப்பட்டது. முடியவில்லை. மறைத்தார் என்று குற்றம் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஒரு மருந்துச் சீட்டு, ஒரு லேப் ரிப்போர்ட், ஒரு பழைய அட்மிஷன் என்று ஏதாவது இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆகவே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உண்மையாகவே பாலிசிக்கு முன் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்து அதைச் சொல்லாமல் விட்டவர்களுக்கு இந்த வழி உதவாது. நிறுவனங்கள் புலனாய்வாளரை ஊருக்கே அனுப்பி, பக்கத்து மருந்துக்கடையிலும் லேபிலும் விசாரிப்பதுண்டு.

உத்தரவு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற பாலிசியில் சேராத செலவுகளைக் கழித்து மீதியைத் தரவும், ரத்து செய்த பாலிசியைத் திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவரவும் சொன்னார்கள். ஆம்பட்ஸ்மன் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். பாலிசிதாரருக்குத் திருப்தி இல்லையென்றால் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், நிறுவனம் பதிலே சொல்லாமல் இழுத்தடித்தால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா தளத்தில் (bimabharosa.irdai.gov.in) புகார் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதில் வரவழைப்பார்கள்.

ஐந்து ஆண்டு என்ற கதவு

இந்த வழக்கில் அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை, ஆனால் உங்களில் பலருக்கு இப்போதே கிடைத்திருக்கலாம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், அதன்பின் ‘மறைத்தீர்கள்’, ‘தவறாகச் சொன்னீர்கள்’ என்ற காரணத்தைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டும் விதிவிலக்கு. முன்பு இது எட்டு ஆண்டாக இருந்தது, 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள்.

இதில் இரண்டு இடத்தில் கணக்குத் தவறும். 2019-இல் 3 லட்சத்துக்குப் பாலிசி எடுத்து 2023-இல் 10 லட்சமாக உயர்த்தியிருந்தால், முதல் 3 லட்சத்துக்கு 2024-இலேயே பாதுகாப்பு வந்துவிட்டது. கூடுதல் 7 லட்சத்துக்கு 2028-இல்தான் வரும். இரண்டாவது, ‘தொடர்ந்து’ என்ற சொல். ஆண்டுச் சந்தா கட்டுபவர்களுக்குப் புதுப்பிக்க 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டிவிட்டால் ஓடிய மாதங்கள் அத்தனையும் போய், மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மாங்காய் சீசன் பணம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, நான்கு ஆண்டுக் கணக்கை இழந்தவர்களைக் காவேரிப்பட்டணத்தில் பார்த்திருக்கிறேன். வேறு நிறுவனத்துக்கு முறைப்படி போர்ட் செய்தால் பழைய மாதங்கள் கூடவே வரும், போகாது.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். பாலிசி எடுத்த பிறகு புதிதாகச் சர்க்கரை வந்தால் பாலிசி செல்லாதோ, புதுப்பிக்க மாட்டார்களோ என்று கேட்கிறார்கள். பாலிசிக்குப் பின் வந்த நோய் முன்பே இருந்த நோய் ஆகாது. முன்பு கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காகப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது. ஆனால் தொகையை உயர்த்தும்போதோ போர்ட் செய்யும்போதோ மறுபடி படிவம் வரும். அப்போது புதிதாக வந்த நோயையும் எழுத வேண்டும்.

இப்போது செய்யக்கூடியது

பாலிசி வந்ததும் அதோடு வரும் விண்ணப்பப் படிவ நகலை எடுங்கள். உடல்நலக் கேள்விகள் இருக்கும் பக்கத்தில் உங்கள் பெயருக்கு நேரே என்ன டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தவறு இருந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள். பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு. பழைய பாலிசியில் இப்போதுதான் தவறைப் பார்க்கிறீர்கள் என்றாலும் எழுதிவிடுவதே நல்லது. பிரீமியம் கூடலாம், காத்திருப்புக் காலம் போடலாம், சில நிறுவனங்கள் பாலிசியை நிறுத்தவும் கூடும். கசப்பான வழிதான். ஆனாலும் மருத்துவமனைப் படுக்கையில் அது தெரியவருவதைவிட மேல்.

அவசரப் பிரிவில் பேசும் ஆள் விஷயம் இன்னும் எளிது. யாருக்குச் சரியாகத் தெரியுமோ அவர் சொல்லட்டும். தெரியாதவர் மட்டும் இருந்தால், “தெரியவில்லை, வீட்டுக்காரர்கள் வந்து சொல்வார்கள்” என்று சொல்லலாம். அதில் சிகிச்சை நின்றுவிடாது. சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறது என்பதையும், சாப்பிடும் மாத்திரையையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், அது உயிர் சம்பந்தப்பட்டது. தோராயமாக ஆண்டுக் கணக்கு சொல்வதைத்தான் தவிர்க்க வேண்டும். ஒசூர், சூளகிரி, பாகலூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசுகிறோம். நாம் சொல்வது ஒன்று, தாளில் ஏறுவது ஒன்றாகிவிடுகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் பில்லைப் பார்ப்பதற்கு முன் ‘பாஸ்ட் ஹிஸ்டரி’ என்ற வரியைப் பாருங்கள். தவறாக இருந்தால் அங்கேயே, அந்த மருத்துவர் பணியில் இருக்கும்போதே விளக்கம் எழுதி வாங்கலாம். இரண்டு மாதம் கழித்துப் போனால் அந்த இளம் மருத்துவர் வேறு ஊருக்குப் போயிருப்பார்.

சூளகிரிக்காரர் பணம் வந்த வாரமே நகையை மீட்டார். அவர் சட்டைப்பையில் இப்போது ஒரு சிறிய அட்டை இருக்கிறது. மகள் எழுதி லேமினேட் செய்து கொடுத்தது. ரத்த வகை, மாத்திரைகளின் பெயர், அதன் கீழே “சர்க்கரை கண்டறிந்த நாள் 22.11.2021”. அதே அட்டை மருமகனின் பர்ஸிலும் இருக்கிறது.